ஓவியத் தோழிக்கு இன்னொரு வண்ணப்பெட்டி வேண்டாம், தாள் கொடுக்கலாம் என்கிறேன்

கிழக்குச்சன்னல், மார்ச் 3, இரவு 9.15

என் தோழி நீர்வண்ணம் தீட்டுகிறாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் பிறந்தநாளுக்கு 48 வண்ண வில்லைகள் கொண்ட மரப்பெட்டி ஒன்றைக் கொடுத்தேன். போன வாரம் அவள் வீட்டு அலமாரியின் அடித்தட்டில் அதைப் பார்த்தேன். திறந்தால் 46 வில்லைகள் சுற்றிய தாளோடு அப்படியே இருக்கின்றன. இரண்டில் மட்டும் தூரிகை பட்ட குழி.

அவள் அன்றாடம் பயன்படுத்தும் தட்டு மேசைமேல் இருந்தது. மூலை உடைந்த பழைய பிளாஸ்டிக் தட்டு. பன்னிரண்டு குழிகளில் நீலமும் செம்பழுப்பும் இருந்த குழிகள் அடி தெரியச் சுரண்டப்பட்டிருந்தன. பச்சை நிறைந்து, காய்ந்து, வெடித்துக் கிடந்தது. பக்கத்தில் ஓர் அடுக்கு ஓவியங்கள். புரட்டினால் ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் இன்னோர் ஓவியம். ஒரு தாளின் ஓரத்தில்கூட வெற்றிடம் இல்லை, அங்கெல்லாம் வண்ணத்தைச் சோதித்த கோடுகள்.

அடுத்த மாதம் அவளுக்குப் பிறந்தநாள். இந்த முறை நல்ல தாள் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானா? சரி என்றால் எந்தத் தாள், எத்தனை?

நேர்கோடு, மார்ச் 3, இரவு 10.02

தாள் நல்ல யோசனை. இருப்பதிலேயே கனமானதை வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 640 கிராம் உள்ள தாள் தண்ணீர் பட்டாலும் அலையலையாக வளையாது. அட்டையில் "அமிலமற்றது" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் தரமான தாள்.

வெள்ளிமேகம், மார்ச் 4, காலை 7.30

என் கணவருக்கும் இப்படித்தான் ஓர் ஓவியம் பரிசளிக்க நினைத்தேன். ஒளிப்படத்தைக் கொடுத்தால் வரைந்து தருகிறார்கள், ஆனால் முகம் ஒத்து வராவிட்டால் திருப்பித் தர முடியாது. முதலில் பென்சில் வரைவைக் காட்டச் சொல்லுங்கள்.

கிழக்குச்சன்னல், மார்ச் 4, காலை 8.10

வெள்ளிமேகம், நான் ஓவியம் வாங்கவில்லை. வரைகிறவளுக்குப் பரிசு தேடுகிறேன். பென்சில் வரைவை முதலில் பார்ப்பது நல்ல வழிதான், தேவைப்படுகிறவர்களுக்கு உதவும்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அன்று அவள் ஒரு வானத்தைக் காட்டி வருத்தப்பட்டாள். "இத்தனை வருடம் பழகியும், வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து ஒரே சீராகப் பரப்பும் வாஷ் போட வரவில்லை. நடுவில் திட்டுத்திட்டாக நிற்கிறது. மேலே இரண்டாவது வண்ணம் போட்டால் அடியில் இருப்பது கரைந்து வந்துவிடுகிறது. எனக்குக் கை வரவில்லை" என்றாள். அதுதான் என்னை இங்கே எழுத வைத்தது.

பழைய தூரிகை, மார்ச் 4, மாலை 6.45

22 ஆண்டுகளாக நீர்வண்ணம் கற்றுத் தருகிறேன். உங்கள் தோழி சொன்னதைப் படித்தவுடன் முதலில் தாளைத்தான் சந்தேகித்தேன்.

நேர்கோடு சொன்னதில் பாதி சரி. 640 கிராம் தாள் வளையாது, உண்மை. ஆனால் தோழியின் சிக்கல் வளைவு அல்ல. 300 கிராம் தாளைப் பலகையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிட்டால் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். முழுவதும் நனைத்து வரைகிறவர் என்றால், தாளை ஊறவைத்து, பசைத் தாள் நாடாவால் பலகையில் ஒட்டி இறுகக் காயவிட்ட பிறகு வரையலாம். இரண்டு மடங்கு கனத்துக்குக் கொடுக்கும் பணத்தில் 300 கிராம் தாளையே கூடுதலாக வாங்குங்கள்.

"அமிலமற்றது" என்ற சொல் தாள் எதனால் ஆனது என்பதைச் சொல்லாது. மரக்கூழில் செய்த தாளும் அமிலமற்றதாக இருக்கலாம். அது சீக்கிரம் பழுப்பேறாது என்பதற்கு மட்டுமே அந்தச் சொல் உறுதி. நீங்கள் தேட வேண்டியது "100 சதவீதம் பருத்தி". வெறுமனே "பருத்தி கலந்தது" என்றிருந்தால் எவ்வளவு என்று கேளுங்கள்.

இந்த வித்தியாசம் தூரிகைக்கு உடனே தெரியும். சாதாரண மரக்கூழ்த் தாளில் வண்ணம் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்குகிறது. சீக்கிரம் காய்கிறது. ஒரு பக்கம் காய்ந்துகொண்டிருக்கும்போது மறுபக்கத்து ஈரம் அதற்குள் புகுந்து, பூக்கோசு போல விளிம்பு விரிந்த கறையை உண்டாக்குகிறது. அடுத்த அடுக்கைப் போட்டால் முதல் அடுக்கு எழுந்துவிடுகிறது. பருத்தித் தாள் ஈரத்தை நெடுநேரம் பிடித்துவைக்கும். வண்ணம் இழைக்குள் சற்றே இறங்கி நிற்கும், அதன்மேல் இரண்டாவது, மூன்றாவது அடுக்கு போடலாம். உங்கள் தோழி தன் கையைப் பழித்துக்கொண்டிருக்கிறார். தாளைப் பழிக்க வேண்டியிருக்கலாம்.

பரிசு கொடுக்கும் முன் சோதித்துவிடுங்கள். அவருடைய தாளில் ஒரு துண்டு, பருத்தித் தாளில் ஒரு துண்டு, இரண்டும் ஒரே அளவு. ஒரே நீலம், ஒரே தூரிகை. பலகையைச் சற்றே சாய்த்து, மேலிருந்து கீழாக ஒரு வாஷ். நன்றாகக் காய்ந்த பிறகு பாதிக்கு மேல் செம்பழுப்பு ஒன்று. அதுவும் காய்ந்த பிறகு ஈரத் தூரிகையால் ஓர் ஓரத்தை நாலு முறை தேய்த்துப் பாருங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

மைக்கூடு, மார்ச் 4, இரவு 11.20

நான் எழுதுகிறவள். என் வீட்டில் பரிசாக வந்த குறிப்பேடுகள் பதினொன்று இருக்கின்றன. தோல் அட்டை, கைத்தறி அட்டை, பூ அழுத்திய அட்டை. ஒன்றில்கூட முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. அவ்வளவு அழகான தாளில் அடித்துத் திருத்த மனம் வருவதில்லை. என் நாவலின் முதல் வரைவு முழுவதும் ஒரு பக்கம் அச்சான பழைய தாள்களின் வெற்றுப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆகவே உங்கள் தோழி பின்பக்கத்தில் வரைவதும் தட்டுப்பாட்டினால்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நல்ல தாள் கொடுத்தால் அதையும் எடுத்து வைத்துவிடலாம்.

எனக்குக் கிடைத்ததிலேயே பயன்பட்ட பரிசு வேறு. அக்கா பத்து வாரங்கள், செவ்வாயும் வெள்ளியும் மாலை 4 முதல் 7 வரை, என் மகனை அழைத்துக்கொண்டு போனாள். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போது நேரமாகிவிட்டது.

பழைய தூரிகை, மார்ச் 5, காலை 6.20

மைக்கூடு சொல்வது முழுக்க உண்மை. என் மாணவர்களில் பலர் நல்ல தாளை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு மட்டமான தாளில் பழகுகிறார்கள். ஒரே ஒரு தாள் வைத்திருப்பவர் அதை வீணாக்க அஞ்சுவார். எண்பது துண்டு வைத்திருப்பவர் அஞ்சமாட்டார்.

ஆகவே ஓரம் ஒட்டிய தாள்கட்டாகவோ அலங்காரத் தொகுப்பாகவோ வேண்டாம். முழுத்தாள்களாக வாங்குங்கள். வழக்கமான முழுத்தாள் 56க்கு 76 சென்டிமீட்டர் இருக்கும். நீளத்தை நான்காகவும் அகலத்தை இரண்டாகவும் பிரித்தால் 19க்கு 28 அளவில் எட்டுத் துண்டு வரும். பத்துத் தாள் வாங்கினால் எண்பது. ஆறு தாளைத் துண்டாக்கி, நான்கை முழுதாகவே விட்டுவிடுங்கள், பெரிய வேலைக்கு வேண்டியிருக்கும். கத்தரி வேண்டாம். மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி, திருப்பி மடித்து மறுபடி அழுத்தி, பிறகு மேசை விளிம்பில் வைத்து மெல்லக் கிழியுங்கள். விளிம்பு பஞ்சுபோல் வரும். ஏற்கெனவே கிழிபட்ட தாளில் கை வைக்க எவருக்கும் தயக்கம் இராது.

மேற்பரப்பில் மூன்று வகை உண்டு. வழவழப்பானது, நடுத்தரச் சொரசொரப்பு, மிகுந்த சொரசொரப்பு. தோழி என்ன வரைகிறார் என்று தெரியாவிட்டால் நடுத்தரம், அதாவது கோல்ட் பிரஸ்.

கிழக்குச்சன்னல், மார்ச் 6, இரவு 8.40

சோதித்துவிட்டேன். அவளிடம் ஒரு தாளைக் கேட்டு வாங்கி வந்தேன், காரணம் சொல்லவில்லை.

எனக்குத் தூரிகை பிடிக்கவே தெரியாது. அப்படியிருந்தும் பருத்தித் துண்டில் என் நீலம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இறங்கியது. அவள் தாளில் நடுவில் இரண்டு கோடுகள் நின்றன, கீழே ஒரு பூ விரிந்தது. செம்பழுப்பைப் போட்டபோது அவள் தாளில் நீலம் கிளம்பி அழுக்குச் சாம்பலாகியது. பருத்தியில் நீலம் அடியில் இருப்பது தெரிந்தது, மேலே பழுப்பு தனியாக நின்றது. அன்று அவள் காட்டி வருந்திய வானம் என் மேசைமேல் கிடந்தது, அவள் வரையாமலேயே. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்னொன்று. கல்லூரி நாட்களில் என் அண்ணன் வாங்கிய பருத்தித் தாள்கள் பன்னிரண்டு எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. பதினைந்து ஆண்டு ஆகியிருக்கும். உறை பிரிக்காதவை. அதையே கொடுக்கலாமா?

பழைய தூரிகை, மார்ச் 6, இரவு 10.05

கொடுக்கும் முன் ஒரு மூலையில் வெறும் தண்ணீரைத் தூரிகையால் பரப்புங்கள். அகலமாக, ஒரு கையகலம். சாய்த்துப் பார்த்தால் ஈரம் முழுவதும் ஒரே மினுக்கமாக இருக்க வேண்டும். சில இடங்கள் உடனே மங்கிக் கறுத்தால் அங்கே பசை செத்துவிட்டது என்று அர்த்தம்.

நீர்வண்ணத் தாளுக்குள்ளும் மேலும் பசை ஊட்டியிருப்பார்கள். பல தாள்களில் அது ஜெலட்டின். தண்ணீர் ஒரேயடியாக உள்ளே போய்விடாமல் தடுப்பது அதுதான். ஈரக்காற்றில் வருடக்கணக்காகக் கிடந்தால் அது கெட்டுவிடும். கெட்ட இடம் மைஒற்றும் தாளைப்போல் உறிஞ்சும். வெறுங்கண்ணுக்குத் தாள் புதிதாகவே இருக்கும், ஈரம் பட்டால்தான் தெரியும்.

தோழி விலங்குப் பொருட்களைத் தவிர்ப்பவர் என்றால் ஜெலட்டின் பற்றி முன்பே யோசியுங்கள். வேறு பசை போட்ட தாள்களும் கிடைக்கின்றன.

கிழக்குச்சன்னல், மார்ச் 7, காலை 7.55

பன்னிரண்டில் ஒன்பது போய்விட்டது. தண்ணீர் பரப்பிய அடுத்த நொடியே ஊசி முனை அளவில் கருப்புப் புள்ளிகள், பிறகு அவை ஒன்றுசேர்ந்து திட்டுகள். தாளைத் திருப்பினால் பின்பக்கத்திலும் ஈரம் தெரிகிறது. பரணில், மழைக்காலத்தில் ஈரமேறும் சுவரை ஒட்டி வைத்திருந்த பக்கம்தான் மோசம்.

சோதிக்காமல் கொடுத்திருந்தால் அந்தத் திட்டுகளுக்கும் தன் கைதான் காரணம் என்றிருப்பாள்.

நேர்கோடு, மார்ச் 7, காலை 9.30

அந்த ஒன்பதைத் தூக்கி எறியாதீர்கள். ஜெலட்டின் கரைசலை வெதுவெதுப்பாகப் பூசிக் காயவைத்தால் சரியாகிவிடும் என்று படித்திருக்கிறேன்.

பழைய தூரிகை, மார்ச் 7, மதியம் 1.10

செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். சில தாள்கள் மீண்டன, சில மீளவில்லை. சீராகப் பூசுவதே ஒரு தொழில். பரிசுக்கு அது வேண்டாம். கரிக்கோல், அக்ரிலிக் இரண்டுக்கும் அந்தத் தாள் இப்போதே பயன்படும். அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள்.

மைக்கூடு, மார்ச் 7, இரவு 11.45

அக்கா கதை. அவள் முதலில், "உனக்கு எழுத நேரம் வேண்டும் என்றால் எப்போது வேண்டுமானாலும் சொல், பையனைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றுதான் சொன்னாள். ஓராண்டு ஓடியது, நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. "இன்று எழுத வேண்டும்" என்பது எனக்கே காரணமாகப் படவில்லை. காய்ச்சல் என்றால் கேட்டிருப்பேன்.

பிறகு அவளே நாள் குறித்தாள். செவ்வாய், வெள்ளி. நான்கு மணிக்கு வாசலில் நிற்பாள், அவனுடைய செருப்பை அவளே எடுத்து மாட்டுவாள். நான் கேட்க வேண்டியதே இல்லை. வேண்டாம் என்றால்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு வாரம் நான் எழுதவில்லை. தூங்கினேன். ஒருநாள் துணி மடித்தேன். அவள் திரும்பி வந்து, "எத்தனை பக்கம்?" என்று கேட்டிருந்தால் மூன்றாவது வாரம் நானே நிறுத்தச் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை, கடைசிவரை கேட்கவில்லை. மூன்றாவது செவ்வாயிலிருந்து எழுத ஆரம்பித்தேன். பத்து வாரம் என்று முதலிலேயே சொல்லியிருந்ததும் நல்லதாயிற்று. முடிவு தெரிந்ததால் நான் கடன்பட்டவளாக உணரவில்லை, அவளும் களைத்துப்போகவில்லை.

ஏழாம் பக்கம், மார்ச் 8, காலை 10.15

நேரத்தைப் பரிசாகக் கொடுத்ததற்கு அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீயைவிடப் பெரிய உதாரணம் இல்லை. நியூயார்க்கில் விமான நிறுவனம் ஒன்றில் டிக்கெட் முன்பதிவு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1956 கிறிஸ்துமஸ் அன்று நண்பர்களான ஒரு கணவனும் மனைவியும் அவர் பெயரில் ஓர் உறையை வைத்தார்கள். ஒரு வருடம் வேலைக்குப் போகாமல் என்ன வேண்டுமோ எழுதலாம் என்று, அந்த ஒரு வருடத்துக்கான பணம். அந்த ஒரே வருடத்தில் "டு கில் எ மாக்கிங்பேர்ட்" நாவலை முடித்துவிட்டார்.

மைக்கூடு, மார்ச் 8, மதியம் 3.00

அந்த ஒரே வருடத்தில் முடிக்கவில்லை. முதல் வரைவு வந்தது. பதிப்பாசிரியரோடு உட்கார்ந்து திரும்பத் திரும்ப எழுத அதற்குப் பிறகும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று, புத்தகம் 1960இல்தான் வெளிவந்தது. இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், "ஒரு வருடம் கொடுத்தேன், புத்தகம் எங்கே?" என்று பரிசு கொடுத்தவர்கள் எதிர்பார்க்கத் தொடங்கிவிடக் கூடாது. அந்தத் தம்பதி என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏழாம் பக்கம், மார்ச் 8, மாலை 4.20

திருத்தத்தை ஏற்கிறேன். ஒரே வருடத்தில் முடித்தார் என்று நீண்ட காலமாகத் தவறாகவே சொல்லி வந்திருக்கிறேன்.

பழைய தூரிகை, மார்ச் 9, காலை 6.30

கொடுப்பவர் என்றால் எனக்கு தியோ வான்கோதான் நினைவுக்கு வருகிறார். அண்ணன் வின்சென்ட்டுக்குப் பணம் அனுப்பினார், வண்ணமும் அனுப்பினார். ஆனால் எந்த வண்ணம் என்று தியோ முடிவு செய்யவில்லை. வின்சென்ட் கடிதத்தில் பட்டியல் எழுதுவார். 1888 வசந்தத்தில் ஆர்ல் நகரிலிருந்து எழுதிய பட்டியலின் தலையில் நிற்பது 20 பெரிய டியூப் வெள்ளை. பரிசுப் பெட்டி எதிலாவது இருபது வெள்ளை இருக்குமா? வரைகிறவருக்கு எது தீர்கிறது என்பது வெளியே இருந்து ஊகிக்க முடியாதது.

கிழக்குச்சன்னல் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டார். நீலமும் செம்பழுப்பும் காலி, பச்சை வெடித்துக் கிடக்கிறது. அது அவர் எழுதாமலே எழுதிய பட்டியல். தாளோடு அந்த இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். ஆனால் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், டியூபின் பின்பக்கத்தில் உள்ள நிறமிக் குறியைப் பாருங்கள். அல்ட்ராமரீன் என்றால் பிபி 29, பர்ன்ட் சியன்னா என்றால் பெரும்பாலும் பிபிஆர் 7. ஒரே பெயரில் வேறு நிறமிகளைக் கலந்தும் விற்கிறார்கள். பெயருக்குப் பின்னால் "ஹியூ" என்று இருந்தால் அது அந்த நிறத்தைப்போல் கலந்தது.

அதே பட்டியலில் ஜெரேனியம் லேக் என்ற சிவப்பும் இருந்தது. வெளிச்சத்தில் வெளிறிப்போகும் சிவப்பு. அதே ஆண்டு அக்டோபரில் அவர் தீட்டிய படுக்கையறை ஓவியத்தில் சுவர் இளம் ஊதா என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார், இன்று நாம் பார்ப்பது நீலச் சுவர். ஊதாவிலிருந்த சிவப்பு போய்விட்டது. ஆகவே சிவப்போ இளஞ்சிவப்போ வாங்குகிறவர்கள் ஒளித்தாங்கு தரத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். மேலே சொன்ன நீலத்துக்கும் பழுப்புக்கும் அந்தக் கவலை இல்லை.

கிழக்குச்சன்னல், மார்ச் 9, இரவு 9.30

ஒரு குறை. என்ன வேண்டும் என்று கேட்டு வாங்கினால் அது பரிசாக இருக்குமா? உறையைப் பிரிக்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பதற்காகத்தானே கொடுக்கிறோம். அந்த 48 வண்ணப் பெட்டியைப் பிரித்தபோது அவள் முகம் மலர்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பழைய தூரிகை, மார்ச் 10, காலை 6.15

முகம் மலர்ந்தது உங்கள் அன்புக்காக. பெட்டி அலமாரிக்குப் போனது அதன் வண்ணத்துக்காக. இந்த மாதிரி மலிவான பெட்டிகளில் நிறமி குறைவு, நிரப்புப்பொருள் அதிகம். இரண்டை நீரில் கலந்தாலே மங்கிவிடும். பன்னிரண்டு நல்ல வண்ணத்தில் கலக்கப் பழகியவருக்கு 48 தேவையில்லை.

ஏழாம் பக்கம், மார்ச் 10, காலை 11.00

இடம் கொடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் வீட்டு மாடியறையை ஓவிய நண்பருக்கு ஞாயிறுதோறும் கொடுத்தேன். நான்கு வாரத்தில் வருவதை நிறுத்திவிட்டார். அறையில் வெளிச்சம் நன்றாகவே இருந்தது. இன்றுவரை காரணம் புரியவில்லை.

பழைய தூரிகை, மார்ச் 10, மாலை 7.10

மாலையில் அவர் கிளம்பும்போது மேசையைக் காலி செய்ய வேண்டியிருந்ததா?

ஏழாம் பக்கம், மார்ச் 10, இரவு 8.00

ஆமாம். திங்கட்கிழமை என் மகள் அங்கேதான் படிப்பாள். நடுவில் நான் போய்ப் பேசிக்கொண்டும் இருப்பேன், தனியாக இருக்கிறாரே என்று.

பழைய தூரிகை, மார்ச் 11, காலை 6.25

விடை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். கலைந்தது கலைந்தபடி கிடக்கலாம் என்ற உரிமைதான் இடம். ஈரத்தாளைத் தட்டையாக விட்டுவிட்டுப் போய், மறுநாள் வந்து பார்க்க வேண்டும். சிறிய மேசையாக இருக்கட்டும், ஆனால் வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. இரண்டாவது, பேச்சு. அமெரிக்காவில் மெக்டவல் என்ற கலைஞர் உறைவிடம் 1907 முதல் நடக்கிறது. மதிய உணவைக் கூடையில் வைத்துக் கலைக்கூடத்தின் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், கதவைத் தட்டுவதில்லை.

ஏழாம் பக்கம், மார்ச் 11, காலை 9.40

தட்டாமல் வைத்துவிட்டுப் போவதா. என் அன்பெல்லாம் தொந்தரவாகவா இருந்தது என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. அவரிடம் பேசிப் பார்க்கிறேன். மகளுக்கு வேறு இடம் பார்த்துவிட்டு அழைப்பதா, அழைத்துவிட்டுப் பார்ப்பதா தெரியவில்லை.

வெள்ளிமேகம், மார்ச் 11, காலை 10.20

முதலில் மகளுக்கு இடம் பாருங்கள். இரண்டாவது முறையும் காலி செய்யச் சொல்ல நேர்ந்தால் அவர் பிறகு வரவே மாட்டார்.

கிழக்குச்சன்னல், ஏப்ரல் 8, இரவு 10.10

கொடுத்துவிட்டேன். பத்துத் தாள், ஆறு கிழித்தது, நான்கு முழுது. கூடவே நீலம் ஒன்று, செம்பழுப்பு ஒன்று. முழுத்தாளைச் சுருட்டவில்லை. இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, மூலைகளில் நாடா கட்டி, தட்டையாகவே கையில் எடுத்துப் போனேன்.

என் இரண்டு சோதனைத் துண்டுகளையும் உறைக்குள் வைத்திருந்தேன், ஒன்றும் எழுதாமல். அவள் அவற்றை விளக்குக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். "இது என் தாள்" என்றாள். பிறகு மற்றதைத் தடவிப் பார்த்தாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. முகம் மலர்ந்ததா என்று கேட்டால், இல்லை. வேறு ஏதோ நடந்தது.

கிழக்குச்சன்னல், ஏப்ரல் 15, மாலை 5.50

ஒரு சிக்கல். தொலைபேசியில் பேசினாள். புதுத் தாளில் முதல் ஆறு ஓவியமும் பழையவற்றைவிட மோசம் என்கிறாள். எல்லாம் வெளிறிப்போகின்றன. காய்ந்துவிட்டது என்று நினைத்து மேலே கை வைத்தால் இன்னும் ஈரமாக இருக்கிறதாம். நான் வாங்கியது தவறான தாளா?

பழைய தூரிகை, ஏப்ரல் 15, இரவு 9.00

தாள் சரியானதுதான், முதல் ஆறு ஓவியங்கள் இப்படி வருவது இயல்பு. மரக்கூழ்த் தாளில் பழகிய கை சீக்கிரம் காயும் என்று எதிர்பார்க்கிறது. பருத்தி தாமதிக்கும். வண்ணம் உள்ளே இறங்குவதால் காய்ந்த பிறகு வெளிறித் தெரியும், ஆகவே முதல் அடுக்கையே இன்னும் அடர்த்தியாகப் போட வேண்டும். காய்ந்ததா என்று தெரிய விரல் முனையால் தொட வேண்டாம், புறங்கையை அருகே கொண்டுபோகச் சொல்லுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

பரிசு கொடுக்கும்போதே இதைச் சொல்லும்படி உங்களுக்கு நான் எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். கண்காட்சிக்கு முன்னால் தாளை மாற்றினால் பெரிய தொல்லை. நல்லவேளை அவளுக்கு அப்படி ஒன்று இல்லை.

நேர்கோடு, ஏப்ரல் 16, காலை 8.45

640 கிராம் வாங்கியிருந்தால் இன்னும் தாமதமாகக் காய்ந்திருக்கும் போலிருக்கிறது. என் பேச்சைக் கேட்காதது நல்லதுதான். ஆனாலும் முழுத்தாளில் பெரிய நிலக்காட்சி வரைகிறவருக்கு அதுவே வசதி என்பதை இப்போதும் சொல்வேன்.

மைக்கூடு, ஏப்ரல் 16, இரவு 11.30

கேட்க வேண்டும் என்றிருந்தேன். முதல் துண்டை எடுக்க அவளுக்குத் தயக்கம் இருந்ததா?

கிழக்குச்சன்னல், மே 2, இரவு 9.05

மைக்கூடு, இருந்தது. மூன்று நாள் தொடவில்லையாம். நான்காம் நாள், ஒரு துண்டு கிழிக்கும்போது கோணலாகப் போயிருந்தது (என் கைவேலை), ஒரு மூலை நாக்குபோல் நீண்டிருந்தது. "இது எப்படியும் கெட்டதுதானே" என்று அதை முதலில் எடுத்தாளாம்.

நேற்று போயிருந்தேன். நாற்பத்தெட்டில் பதினாறு துண்டுதான் மிச்சம். பலகையில் ஒரு வானம் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் திட்டு இல்லை. நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. புறங்கையைத் தாளருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, இன்னும் ஈரம் என்று தலையாட்டினாள்.

துண்டுகளின் பின்பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன். அங்கேயும் வரைந்துதான் இருக்கிறாள். இது தட்டுப்பாடா, பழக்கமா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. முழுத்தாள் நான்கும் கட்டிய நாடாவோடு அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன.